ஒரு தையல் மெஷின், இரண்டு பேர், 60 சட்டைகள்

வீட்டில் தையல் மெஷின் ஒன்றுதான் இருக்கிறது. தைக்கத் தெரிந்தவர்கள் அக்கா, தங்கை என்று இரண்டு பேர். பள்ளிச் சீருடைக்கு 60 சட்டை தைத்துத் தரும்படி ஆர்டர் வருகிறது. அக்கா தனியாகத் தைத்தால் 12 நாளில் முடித்துவிடுவார். தங்கைக்கு 20 நாள் பிடிக்கும். மெஷினில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும் என்பதால், ஒரு நாள் அக்கா, மறுநாள் தங்கை என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். எத்தனை நாளில் சட்டைகள் தயாராகும்?

அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த வகைக் கணக்கு பழக்கமானதுதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 கேள்விகள் திறனறிவுப் பகுதியில் வருகின்றன. அந்தப் பகுதியின் பாடத்திட்டத்தில் காலமும் வேலையும் ஒரு தலைப்பு. இந்தத் தலைப்பில் மற்ற கணக்குகளைச் சரியாகப் போடுகிறவர்கள்கூட, ‘மாற்றி மாற்றி’ என்று வந்தால் கடைசி அடியில் தவறுவதுண்டு. அந்த அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

சட்டென்று வரும் விடை

60 சட்டையை 12 நாளில் முடிக்கிற அக்கா ஒரு நாளைக்கு 5 சட்டை தைக்கிறார். 20 நாள் எடுக்கும் தங்கை ஒரு நாளைக்கு 3 தைக்கிறார். ஆளுக்கு ஒரு நாள் என்றால் இரண்டு நாளில் 8 சட்டை தயாராகும். அப்படியானால் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 சட்டை. 60 சட்டைக்கு 15 நாள்.

விடை முழு எண்ணாக வந்துவிட்டதால் சந்தேகமே எழுவதில்லை. ஆனால் இது தவறு. ஒரு நாளைக்கு 4 சட்டை தைப்பவர் இந்த வீட்டில் யாருமே இல்லை. ஒரு நாள் 5 சட்டை வரும், மறுநாள் 3 வரும். இரண்டு நாளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் 4 என்ற சராசரிக்குப் பொருள் உண்டு. 15 நாள் என்பதோ ஏழு ஜோடி நாளும், ஜோடி இல்லாத ஒரு நாளும். அந்தத் தனி நாளில் மெஷினில் இருப்பது அக்காவாக இருந்தால் வேலை 4 சட்டையைவிட அதிகமாக நடக்கும்; தங்கையாக இருந்தால் குறைவாக நடக்கும்.

அதனால் இந்தக் கணக்கை ஜோடி ஜோடியாக எண்ண வேண்டும். முழு ஜோடிகள் முடிந்ததும் நிறுத்திவிட்டு, மீதி வேலையை யாருடைய முறையோ அவருடைய வேகத்தில் கணக்கிட வேண்டும்.

முதலில் உட்காருபவர் யார்?

60ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 4. ஏழு ஜோடி, அதாவது 14 நாள் முடியும்போது 56 சட்டை தயார். இன்னும் 4 சட்டை பாக்கி.

முதல் நாள் அக்கா தொடங்கியிருந்தால் 15ஆம் நாளும் அவருடைய முறைதான். நாளைக்கு 5 தைப்பவர் 4 சட்டையை ஐந்தில் நான்கு பங்கு நாளில் முடித்துவிடுவார். மொத்தம் 14 4/5 நாள்.

தங்கை தொடங்கியிருந்தால் 15ஆம் நாள் தங்கையின் முறை. அவர் அன்று முழுக்கத் தைத்தாலும் 3 சட்டைதான் முடியும். மிஞ்சும் ஒரு சட்டைக்காக 16ஆம் நாள் அக்கா உட்கார வேண்டும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு நாள். மொத்தம் 15 1/5 நாள்.

சராசரி சொன்ன 15 நாள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டில் எதற்கும் அது விடை அல்ல. இரு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாளில் ஐந்தில் இரண்டு பங்குதான். ஆனாலும் ஆர்டர் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டிய தேதி ஒரு நாள் தள்ளிப்போகிறது.

வேகமானவர் முதலில் தொடங்கினால் வேலை ஒருபோதும் தாமதமாகாது. ஒவ்வொரு ஜோடி நாளின் முடிவிலும் இரண்டு ஏற்பாட்டிலும் ஒரே அளவு வேலைதான் முடிந்திருக்கும். ஜோடிக்கு நடுவிலோ, வேகமானவர் தொடங்கிய ஏற்பாடு சற்று முன்னால் இருக்கும். அடுத்த ஜோடி முடிவதற்குள் மற்றது எட்டிப் பிடித்துவிடும் என்பதால், வித்தியாசம் ஒரு முழு நாளை எட்டவே எட்டாது.

மீதி இல்லாமல் வேலை முடிந்தால் யார் தொடங்கினாலும் ஒன்றுதான். அக்காவுக்கு 10 நாள், தங்கைக்கு 15 நாள் ஆகும் வேறொரு வேலையை எடுத்துக்கொள்வோம். அதை 30 பங்காகப் பிரித்தால் ஒரு நாளைக்கு அக்கா 3 பங்கு, தங்கை 2 பங்கு செய்வார்கள். ஜோடிக்கு 5 பங்கு என்பதால் ஆறு ஜோடியில், சரியாக 12 நாளில், வேலை முடிந்துவிடும். இதை வைத்துக் கேள்வியையே சோதிக்கலாம். மீதி வருகிற எண்களைக் கொடுத்துவிட்டு, தொடங்குபவர் யார் என்று சொல்லாமல் விட்டால், அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது.

சட்டை எண்ணிக்கை தெரியாதபோது

தேர்வுத் தாளில் பெரும்பாலும் ‘ஒரு வேலை’ என்று மட்டும்தான் இருக்கும். அப்போது 12, 20 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கான 60ஐ மொத்த வேலையாக வைத்துக்கொள்ளலாம். 120 என்று வைத்தாலும் விடை மாறாது. அன்றாட வேலை 10, 6 என்று இரட்டிப்பாகும், அவ்வளவுதான். மீச்சிறு பொது மடங்கை எடுப்பது எண்கள் சிறியதாகவும் பின்னமில்லாமலும் இருப்பதற்காக.

பின்னத்தில் போட்டாலும் வழி ஒன்றே. 1/12, 1/20 இரண்டையும் கூட்டினால் 2/15. இது இரண்டு நாள் வேலை. ஏழு ஜோடியில் 14/15 முடிகிறது, 1/15 பாக்கி. அக்காவின் ஒரு நாள் வேலை 1/12. பாக்கியை அதனால் வகுத்தால் அதே 4/5. பின்னத்தில் போடுபவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். 2/15ஐத் தலைகீழாக்கி ஏழரை ஜோடி என்று எடுத்து, அதை 15 நாளாக்கிவிடுவார்கள். ஜோடிகளின் எண்ணிக்கை பின்னமாக வந்தால் முழு எண்ணோடு நின்றுவிட வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மூன்று பேர் முறை வைத்தால் ஜோடிக்குப் பதில் மூன்று நாள் சுற்று. அக்கா ஒரு நாள், தங்கை இரண்டு நாள் என்றாலும் மூன்று நாள் சுற்றுதான். ஒரு சுற்றில் 11 சட்டை தயாராகும். சுற்று எவ்வளவு நீளமானாலும், முழுச் சுற்றுகளை எண்ணிவிட்டு மீதியை முறைப்படி நாள் நாளாக நடத்திப் பார்க்க வேண்டும்.

கூலியும் மாறுகிறது

யார் தொடங்குகிறார் என்பது நாள் கணக்கோடு நிற்பதில்லை. அக்கா தொடங்கினால் அவர் கையில் 39 சட்டை, தங்கை கையில் 21. தங்கை தொடங்கினால் அக்காவுக்கு 36, தங்கைக்கு 24. சட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், முதல் நாள் யார் உட்காருவது என்ற முடிவு மூன்று சட்டையின் கூலியை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றிவிடுகிறது.

இருவரின் வேகமும் கடைசிவரை மாறாது என்று வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் சொன்னோம். நூல் தீர்ந்தாலோ கரண்ட் போனாலோ எண்கள் மாறும். ஆனாலும் மெஷினில் உட்காருவதற்கு முன்பே, 60ஐ 8ஆல் வகுத்து மீதி வருகிறதா என்று இருவரும் பார்த்துவிடலாம். மீதி வந்தால், யார் தொடங்குவது என்பதை அப்போதே பேசி முடிவு செய்துகொள்வதுதான் இருவருக்கும் நியாயம்.