விழுப்புரத்தில் மாறிப்போன ரயில்

விழுப்புரம் சந்திப்பிலிருந்து திருச்சிக்கு இரண்டு ரயில் பாதைகள் போகின்றன. ஒன்று பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரிப் படுகையைச் சுற்றிக்கொண்டு போகிறது. இதுதான் பழைய பாதை. மெயின் லைன் என்பார்கள். மற்றொன்று உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம் வழியாகக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. அது கார்டு லைன். குறுக்குப் பாதையில் போனால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிச்சமாகும் என்பதால், சென்னையிலிருந்து மதுரைக்கும் அதற்குத் தெற்கேயும் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்தப் பாதையிலேயே ஓடுகின்றன.

கும்பகோணம் போக வேண்டிய ஒரு பயணி, விழுப்புரத்தில் முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்துக்கொண்டு நடைமேடையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏற வேண்டிய மெயின் லைன் வண்டி தாமதம். அதே நடைமேடைக்கு அதற்குமுன் கார்டு லைன் வண்டி ஒன்று வந்து நிற்கிறது. இரண்டுமே சென்னை எழும்பூரிலிருந்து வருபவை, இரண்டுமே திருச்சி போகிறவை. வாசலருகே நிற்பவரிடம் அவர் கேட்கிறார்: "அண்ணே, இது திருச்சி வண்டிதானே?" "ஆமாங்க, ஏறுங்க" என்று பதில் வருகிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. வண்டி திருச்சிக்குத்தான் போகிறது, ஆனால் கும்பகோணத்தைத் தொடாமல் போகிறது.

இரு வழிகளும் ஒரே ஊரில் போய்ச் சேரும் இடங்களில், முனையத்தின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. வழியில் உள்ள ஊரைக் கேட்க வேண்டும். "சிதம்பரம் வழியாப் போகுமா?" என்றோ, "மெயின் லைனா, கார்டு லைனா?" என்றோ கேட்டால் சரியான பதில் கிடைக்கும். பெட்டியின் பக்கவாட்டுப் பலகையும் ஓரளவுக்குத்தான் உதவும். புறப்படும் ஊரும் சேரும் ஊரும்தான் அதில் பெரிதாகத் தெரியும். போகும்போதும் வரும்போதும் அதே பலகைதான். வழி மாறாமல் காட்டிக்கொடுப்பது ஐந்திலக்க வண்டி எண். வைகை எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும்போது 12635, திரும்பி வரும்போது 12636. சோழன் எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் ஓடுகிறது. வைகை, பல்லவன், மலைக்கோட்டை மூன்றும் கார்டு லைன் வண்டிகள். பெயரை மட்டும் கேட்டு இதை ஊகிக்க முடியாது. நடைமேடையின் மின்பலகையில் ஓடும் எண்ணைப் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டால் போதும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

முன்பதிவு செய்தவர்களுக்கு இந்தப் பிழை விரைவில் தெரிந்துவிடும். எஸ்-5 பெட்டியும் 23-ஆம் இருக்கையும் ஏறக்குறைய எல்லா விரைவு வண்டிகளிலும் உண்டு. ஒரே இருக்கைக்கு இருவர் டிக்கெட் நீட்டினால் சண்டைக்கு இறங்க வேண்டியதில்லை. இரு டிக்கெட்டுகளிலும் உள்ள வண்டி எண்ணையும் தேதியையும் பார்த்தால் யார் மாறி ஏறியவர் என்பது விளங்கிவிடும். பொதுப்பெட்டியில் ஏறியவருக்கு அப்படி எச்சரிக்க யாருமில்லை. அவரேதான் கண்டுபிடித்தாக வேண்டும்.

விழுப்புரத்தைத் தாண்டிய சிறிது நேரத்தில் வண்டி தென்பெண்ணையாற்றைக் கடக்கிறது. மெயின் லைனும் அதே ஆற்றைக் கடந்துதான் பண்ருட்டிக்குப் போகிறது என்பதால், வழக்கமாக அந்தப் பக்கம் போய்வருபவருக்கும் ஆற்றைப் பார்த்துச் சந்தேகம் வராது. நிலையங்களின் மஞ்சள் பெயர்ப்பலகைகள்தான் உண்மையைச் சொல்லும். திருவெண்ணெய்நல்லூர் ரோடு, பரிக்கல், உளுந்தூர்பேட்டை என்ற பெயர்கள் ஜன்னலைக் கடந்தால் அது கார்டு லைன். சேர்ந்தனூர், திருத்துறையூர், பண்ருட்டி என்று வந்தால் மெயின் லைன். விரைவு வண்டி இவற்றில் பலவற்றில் நிற்காது, பலகையும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, தாம் எந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று பார்ப்பது இதைவிடச் சுலபம். நம் பயணி உளுந்தூர்பேட்டைப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் திடுக்கிடுகிறார். அதற்குள் வண்டி பாதி தூரத்துக்கு மேல் வந்துவிட்டது.

இந்த நேரத்தில் மனம் சொல்லும் இரண்டு யோசனைகளும் கெட்டவை. முதலாவது, அபாயச் சங்கிலியை இழுப்பது. வண்டி மாறி ஏறியதைத் தக்க காரணமாக ரயில்வே எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 141-ஆம் பிரிவின்படி, தக்க காரணமின்றிச் சங்கிலியை இழுப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரண்டாவது யோசனை, சிக்னலுக்காக வண்டி எங்காவது நிற்கும்போது கீழே குதித்துவிடுவது. சரளைக்கல்லில் கால் பிசகுவதும், பக்கத்துப் பாதையில் வேறு வண்டி வருவதும் மெய்யான ஆபத்துகள். அப்படியே பத்திரமாக இறங்கிவிட்டாலும், சின்ன நிலையத்தில் அடுத்த பாசஞ்சர் வண்டி வர எத்தனையோ மணி நேரம் ஆகலாம். ஆகவே வண்டி நிற்கிற அடுத்த பெரிய சந்திப்பு வரை பொறுத்திருப்பதுதான் சரி. இங்கே அது விருத்தாசலம். விழுப்புரத்திலிருந்து சுமார் 54 கிலோமீட்டர், முக்கால் மணி நேர ஓட்டம். அங்கே போய்ச் சேரும்வரை கிடைக்கிற நேரம் யோசிப்பதற்கு.

விருத்தாசலத்தில் நின்று பார்த்தால் கும்பகோணத்துக்கு நான்கு வழிகள் தெரிகின்றன. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வந்த வழியே திரும்புவது. விழுப்புரத்துக்கு 54 கிலோமீட்டர், அங்கிருந்து மெயின் லைனில் 154. ஆக 208 கிலோமீட்டர். இதில் காத்திருப்பு இரண்டு தடவை. முதலில் விருத்தாசலத்தில் சென்னைப் பக்கம் போகும் வண்டிக்கு, பிறகு விழுப்புரத்தில் மெயின் லைன் வண்டிக்கு. தாமதமாக வந்த அந்த முதல் வண்டி அதற்குள் விழுப்புரத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

ஏறிய வண்டியிலேயே திருச்சி வரை போய்விடுவது இரண்டாவது வழி. விருத்தாசலத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 123 கிலோமீட்டர். அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் இன்னும் 90 கிலோமீட்டர் அளவு. கூட்டிப் பார்த்தால் திரும்பிப் போவதற்கு ஆகும் அதே தூரம்தான். ஆனால் விருத்தாசலத்தில் இறங்கி நிற்க வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து தஞ்சைப் பக்கம் ரயிலும் பேருந்தும் அடிக்கடி உண்டு. திரும்பிப் போனால்தான் வழி கிடைக்கும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது.

விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி வழியாகக் கடலூர் துறைமுகம் சந்திப்புக்கு ஒரு குறுக்கு ரயில் பாதையும் இருக்கிறது. சேலத்திலிருந்து வரும் பாதை இது. கார்டு லைனையும் மெயின் லைனையும் இணைக்கிறது. வரைபடத்தில் பார்ப்பவருக்கு இதுவே விடை என்று தோன்றும். தூரமும் 60 கிலோமீட்டருக்குள்தான். சிக்கல் என்னவென்றால், இதில் பயணிகள் வண்டிகள் குறைவு. அரை மணியில் ஒரு வண்டி இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் நடைமேடையில் பொழுது போய்விடும். பாதை இருக்கிறதா என்பதோடு, அந்த நேரத்தில் அதில் வண்டி இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். 139 என்ற எண்ணை அழைத்தால் தெரிந்துகொள்ளலாம். நிலையத்து விசாரணை முகப்பிலும் கேட்கலாம்.

நான்காவது வழி தண்டவாளத்தை விட்டு வெளியே போகிறது. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி வழியாகக் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் போகும் நெடுஞ்சாலை, சேத்தியாத்தோப்பில் விருத்தாசலம்–சிதம்பரம் சாலையைச் சந்திக்கிறது. சென்னை–கும்பகோணம் பேருந்துகள் ஓடும் சாலை அது. விருத்தாசலத்தில் சிதம்பரம் பேருந்தில் ஏறி சேத்தியாத்தோப்பில் இறங்கினால், அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து கும்பகோணம் போகும் பேருந்து கிடைக்கும். மொத்தத் தூரம் 100 கிலோமீட்டருக்கும் குறைவு. ரயிலில் ஆகும் தூரத்தில் பாதிகூட இல்லை.

பகல் நேரம், கையில் ஒரே பை என்றால் சேத்தியாத்தோப்பு வழிக்கு நிகரில்லை. நம் பயணியும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார். இரவில், அல்லது வயதானவர்களும் குழந்தைகளும் மூட்டைமுடிச்சுகளும் உடன் இருந்தால் கணக்கு மாறும். நள்ளிரவில் தெரியாத ஊரின் சாலைச் சந்திப்பில் குடும்பத்தோடு பேருந்துக்கு நிற்பதைவிட, அதே வண்டியில் திருச்சி வரை போய் விடியும்வரை பெரிய நிலையத்தில் இருந்துவிட்டுத் தஞ்சைப் பக்கம் திரும்புவது நல்லது.

விருத்தாசலத்தையும் தவறவிட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு அரியலூர். அங்கிருந்து ஜெயங்கொண்டம் பக்கம் போய் அணைக்கரைச் சாலையைப் பிடிக்கலாம்; திருவையாறு வழியாகத் தஞ்சாவூருக்கும் போகலாம். அரியலூரையும் கடந்துவிட்டால் திருச்சியைத் தவிர வேறு யோசனை தேவையில்லை.

எஞ்சியிருப்பது டிக்கெட் பிரச்சினை. கும்பகோணத்துக்கு எடுத்த டிக்கெட்டில் வழியும் அச்சாகியிருக்கும். கார்டு லைன் அந்த வழி அல்ல. பரிசோதகர் கண்ணில் பட்டால், முறையான டிக்கெட் இல்லாத பயணமாக அவர் அதைக் கணக்கிடலாம். அப்போது வந்த தூரத்துக்கான கட்டணத்தோடு, அதற்குச் சமமான தொகையோ 250 ரூபாயோ, எது அதிகமோ அது கூடுதலாக வசூலிக்கப்படும். ரயில்வே சட்டத்தின் 55-ஆம் பிரிவு இதற்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. அதிகாரம் பெற்ற ஊழியரிடம் நிலைமையைச் சொல்லி அனுமதியும் சான்றும் பெற்றவர், பிறகு கட்டணத்தை மட்டும் செலுத்தினால் போதும். கூடுதல் தொகை இல்லை. எனவே திருச்சி வரை தொடர நினைப்பவர் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. பொதுப்பெட்டிக்குப் பரிசோதகர் வருவது அரிது என்பதால், விருத்தாசலத்தில் வண்டி நின்றதும் நடைமேடையில் தென்படும் பரிசோதகரையோ, கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டையோ தாமே தேடிப் போக வேண்டும். 2022 முதல் அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். விருத்தாசலத்திலேயே இறங்குபவரும் வெளிவாசலுக்குப் போகுமுன் நிலைய அதிகாரியிடம் டிக்கெட்டைக் காட்டி விவரத்தைச் சொல்லிவிடுவது நல்லது. விழுப்புரத்தில் அன்றைய நேரம் அச்சான கும்பகோணம் டிக்கெட், அவர் வேண்டுமென்று ஏய்க்கவில்லை என்பதற்கு நல்ல சாட்சி. அதைக் கசக்கி எறிந்துவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.