நாவல் முதலா, விலைப்பட்டியல் முதலா?

காலை ஒன்பது மணிக்கே ஆஃப்செட் மெஷின் ஓடத் தொடங்கிவிடுகிறது. பைண்டிங் மேசையைச் சுற்றியிருக்கும் ஆட்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "அண்ணே, அடிச்ச ஃபாரம் ஏதாவது வருமா?" என்று ஒருவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மூன்றாம் நாள் காட்சி நேர்மாறாக இருக்கிறது. மெஷின் நிற்கிறது, மிஷின்மேன் சும்மா இருக்கிறார், பைண்டிங்கில் கட்டுக் கட்டாக ஃபாரங்கள் குவிந்து கிடக்கின்றன. சிறிய அச்சகம் நடத்துபவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஆள் பற்றாக்குறை, பழைய மெஷின் என்று காரணம் சொல்வார்கள். பல சமயங்களில் உண்மையான காரணம் வேறு: எந்த வேலையை முதலில் மெஷினில் ஏற்றினார்கள் என்பதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு ஒற்றை வண்ண ஆஃப்செட் மெஷினும், மடித்து, சேர்த்து, பின் அடித்தோ ஒட்டியோ, ஓரம் வெட்டித் தரும் ஒரே ஒரு பைண்டிங் குழுவும் உள்ள அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். அட்டைகள் வெளியில் அச்சாகி வந்துவிடுகின்றன. கையில் ஐந்து வேலைகள். எல்லாமே முதலில் மெஷினுக்கும் பிறகு பைண்டிங்குக்கும் போக வேண்டியவை.

வந்த வரிசையில் முதலாவது 240 பக்க நாவல், 300 பிரதிகள். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் 15 ஃபாரங்கள், முன்னும் பின்னுமாக 30 பிளேட்டுகள். ஒவ்வொரு பிளேட்டையும் மாட்டி, ரெஜிஸ்டர் சரிபார்த்து, மை ஒட்டம் சீராக்க 10 நிமிடம் ஆகிறது. மணிக்கு 5,000 தாள் வேகத்தில் 300 தாள் ஓட 4 நிமிடம்கூட ஆகாது. ஆக 30 தடவை 14 நிமிடம், மொத்தம் 7 மணி நேரம். பிரதிகள் குறைவு என்பதால் பைண்டிங் 3 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கோயில் தல வரலாறு இதற்கு நேர் எதிர். 32 பக்கம், 3,000 பிரதிகள். நான்கே பிளேட்டுகள் என்பதால் அச்சு 3 மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் 6,000 ஃபாரங்களை மடித்து, 3,000 புத்தகங்களுக்குப் பின் அடித்து வெட்ட 7 மணி நேரம் வேண்டும்.

பக்கம் அதிகமாகவும் பிரதி குறைவாகவும் இருந்தால் மெஷினில் நேரம் போகும். பக்கம் குறைந்து பிரதி கூடினால் பைண்டிங்கில் போகும். வரிசைப்படுத்துவதில் லாபம் கிடைப்பதே இந்த வேறுபாட்டால்தான்.

மற்ற மூன்றையும் இதே முறையில் கணக்கிட்டால், 144 பக்கக் கவிதைத் தொகுப்பு 300 பிரதிக்கு அச்சு 4, பைண்டிங் 2 மணி நேரம். பயிற்சி மையத்தின் 64 பக்க வினா விடைக் கையேடு 2,000 பிரதிக்கு அச்சு 5, பைண்டிங் 6. மின்சாதனக் கடையின் 16 பக்க விலைப்பட்டியல் 2,000 பிரதிக்கு அச்சு 1, பைண்டிங் 4. எல்லாம் சேர்ந்து மெஷினுக்கு 20 மணி நேரம், பைண்டிங்குக்கு 22 மணி நேரம்.

வந்த வரிசையிலேயே, அதாவது நாவல், கவிதை, கையேடு, தல வரலாறு, விலைப்பட்டியல் என்று ஏற்றினால் என்ன ஆகும்? முதல் 7 மணி நேரம் பைண்டிங் குழுவுக்கு வேலையே இல்லை. நாவலை முடித்ததும் கவிதைக்காக 1 மணி நேரம், கவிதையை முடித்ததும் கையேட்டுக்காக 3 மணி நேரம் மறுபடியும் காத்திருப்பு. 22 மணி நேர வேலையோடு இந்த 11 மணி நேரமும் சேர, கடைசி வேலை முடிய 33 மணி நேரம் ஆகிறது.

இப்போது வரிசையை மாற்றுவோம்: விலைப்பட்டியல், தல வரலாறு, கையேடு, நாவல், கவிதை. ஒரு மணி நேரத்தில் விலைப்பட்டியல் அச்சாகி இறங்கிவிடும். பைண்டிங்கில் அதற்கு 4 மணி நேரம் பிடிப்பதால், அது முடியும் முன்பே தல வரலாறு வந்து சேர்கிறது. அதற்கு 7 மணி நேரம். அதற்குள் கையேடு தயார். அதன் பிறகு பைண்டிங் மேசை ஒரு நிமிடம்கூட வெறுமையாக இல்லை. 23 மணி நேரத்தில் ஐந்தும் முடிந்துவிடும். அதே மெஷின், அதே ஆட்கள், அதே வேகம். நாளுக்கு 10 மணி நேரம் வேலை நடக்கும் அச்சகத்தில் ஒரு முழு நாள் மிச்சம்.

இதைவிடக் குறைக்க முடியுமா? முடியாது. பைண்டிங்குக்கே 22 மணி நேரம் வேண்டும். எதை முதலில் ஏற்றினாலும் அது அச்சாகும் வரை பைண்டிங் காத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பு குறைந்தபட்சம் 1 மணி நேரம். ஆக, 23க்குக் கீழே இறங்க வழியில்லை.

இந்த வரிசையைக் கண்டுபிடிக்கும் விதியை 1954இல் வெளியிட்டவர் எஸ். எம். ஜான்சன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர். கலிஃபோர்னியாவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றியவர். அங்கே இந்தக் கேள்வியை எழுப்பியவர் ரிச்சர்ட் பெல்மன். புத்தகங்களை அச்சிட்டு பைண்டிங் செய்யும் வேலையை வைத்தே இந்தக் கணக்கு அந்த நாளில் பேசப்பட்டது. ஆகவே இது பெரிய தொழிற்சாலையிலிருந்து அச்சகத்துக்கு இரவல் வாங்கிய கணக்கு அல்ல.

விதியைக் கையாள ஒரு தாளும் பென்சிலும் போதும். ஒவ்வொரு வேலைக்கும் அச்சு நேரம், பைண்டிங் நேரம் இரண்டையும் எழுதிக்கொண்டு, எல்லாவற்றிலும் சிறிய எண்ணைத் தேட வேண்டும். அது அச்சு நேரமாக இருந்தால் அந்த வேலைக்கு முன்னால் கிடைக்கும் முதல் இடம். பைண்டிங் நேரமாக இருந்தால் பின்னாலிருந்து முதல் இடம். இடம் கொடுத்த வேலையை அடித்துவிட்டு, மிச்சத்தில் அடுத்த சிறிய எண்ணைத் தேட வேண்டும்.

நம் கணக்கில் மிகச் சிறிய எண் 1, விலைப்பட்டியலின் அச்சு நேரம். அது முதலில். அடுத்து 2, கவிதையின் பைண்டிங் நேரம். அது கடைசியில். பிறகு 3 இரண்டு இடத்தில் வருகிறது: தல வரலாற்றின் அச்சு, நாவலின் பைண்டிங். தல வரலாறு முன்னாலிருந்து இரண்டாவது, நாவல் பின்னாலிருந்து இரண்டாவது. எஞ்சிய கையேடு நடுவில்.

ஏன் இது சரியாக வருகிறது என்பதை நாவலையும் தல வரலாற்றையும் மட்டும் வைத்தே புரிந்துகொள்ளலாம். நாவலை முன்னால் விட்டால் இரண்டும் முடிய 17 மணி நேரம். தல வரலாற்றை முன்னால் விட்டால் 13. முதல் வேலை அச்சாகும் நேரம் பைண்டிங்குக்கு வீண். கடைசி வேலை பைண்டிங் ஆகும் நேரம் மெஷினுக்கு வீண். இரண்டு முனைகளிலும் சிறிய எண்ணை வைத்தால் இரண்டு வீணும் சுருங்குகின்றன. பக்கத்துப் பக்கத்து வேலைகளை இப்படி இடம் மாற்றிப் பார்த்தே, எத்தனை வேலைகள் இருந்தாலும் விதி பொருந்தும் என்று நிறுவிவிடலாம்.

"சின்ன வேலையை முதலில் தள்ளிவிடுவோம்" என்பது பல அச்சகங்களில் வழக்கம். அச்சும் பைண்டிங்கும் சேர்த்து எது சிறியதோ அதை முன்னால் வைத்தால் விலைப்பட்டியல், கவிதை, நாவல், தல வரலாறு, கையேடு என்று வரும். முடிய 28 மணி நேரம் ஆகும். கவிதை பைண்டிங்கில் இரண்டே மணி நேரத்தில் முடிந்துவிட, நாவலுக்காக 5 மணி நேரம் மேசை காலியாகக் கிடப்பதுதான் காரணம். மொத்த நேரத்தைப் பார்ப்பது போதாது. அந்த நேரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

விதி தரும் வரிசையில் கவிஞருக்குத்தான் வருத்தம். 23ஆம் மணி நேரத்தில்தான் அவர் புத்தகம் கைக்கு வருகிறது. வெளியீட்டு விழா நெருங்கிவிட்டால் என்ன செய்வது? விதி ஒரு சிறந்த வரிசையைத் தரும். அது ஒன்றுதான் சிறந்தது என்பதில்லை. கவிதையை மூன்றாவதாக, தல வரலாற்றுக்கு அடுத்து ஏற்றிப் பாருங்கள். கவிதை 14ஆம் மணி நேரத்தில் முடிகிறது. ஐந்தும் முடிவது அதே 23இல்தான். இரண்டாவதாகவே ஏற்றினால் கவிதை 7ஆம் மணி நேரத்தில் கிடைத்துவிடும், மொத்தம் 24 ஆகும். ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்து ஒரு வாடிக்கையாளரை 16 மணி நேரம் முன்னதாக அனுப்பிவைக்கலாம் என்று அச்சக உரிமையாளருக்குத் தெரிவது பெரிய விஷயம். முதலில் விதியால் 23 என்ற எல்லையைக் கண்டுகொண்டு, பிறகு அவசரத்துக்கு ஏற்ப நகர்த்துவதே நல்ல முறை.

கணக்கு கண்டுகொள்ளாத சில விஷயங்கள் அச்சகத்தில் உண்டு. முதலாவது மை உலர்வது. அச்சாகி இறங்கிய தாளை உடனே மடித்தால் மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். கட்டின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மேப்லித்தோ தாள் மையை இழுத்துக்கொள்ளும். ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்பதால் அதிக நேரம் பிடிக்கும். எல்லா வேலைக்கும் ஒரே தாள், உலர 4 மணி நேரம் என்றால் வரிசை மாறாது, 23 மட்டும் 27 ஆகும். தாளுக்குத் தாள் நேரம் மாறினால், உலரும் நேரத்தை அச்சு, பைண்டிங் இரண்டோடும் தனித்தனியே கூட்டி அதே விதியைப் போட வேண்டும்.

இரண்டாவது, நாவலின் 15 ஃபாரமும் முடியும் வரை பைண்டிங் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் ஃபாரங்களை மடிக்கத் தொடங்கிவிடலாம், சேர்ப்பதற்குத்தான் கடைசி ஃபாரம் வர வேண்டும். இதனால் நாவலை முன்னால் வைக்கும் நஷ்டம் கொஞ்சம் குறையும். கருப்பு மையிலிருந்து வேறு வண்ணத்துக்கு மாறும்போது உருளைகளைக் கழுவும் நேரமும் வரிசையைப் பொறுத்தே கூடும், குறையும். ஒரே வண்ண வேலைகளை அடுத்தடுத்து வைப்பது சில நாட்களில் விதியைவிட லாபம் தரலாம். லேமினேஷன் போல மூன்றாவது கட்டம் நடுவில் நுழைந்து அதுவும் தாமதமாக்கினால், இத்தனை எளிய விதி கிடையாது.

மிகப் பெரிய ஆபத்து முதல் வேலையில் இருக்கிறது. விலைப்பட்டியலை முதலில் வைத்துவிட்டு, கடைக்காரர் இன்னும் புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை என்றால் திட்டமே சரிந்துவிடும். கையெழுத்தான புரூஃபும் தயாரான பிளேட்டும் உள்ள வேலைகளை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும்.

அச்சகம் நடத்துபவர்கள் ஜாப் கார்டில் பக்கம், பிரதி, தாள் இவற்றோடு இரண்டு கட்டங்களைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: அச்சு நேரம், பைண்டிங் நேரம். வேலை முடிந்ததும் உண்மையில் எவ்வளவு ஆயிற்று என்பதைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். நேரங்கள் ஓரளவு சரியாக இருந்தாலே வரிசை சரியாக வந்துவிடும்.