பத்துச் சீட்டும் ஒரு கூட்டலும்

நிகழ்தகவைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூட்டல் விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு நிகழ்ச்சிக்கு இத்தனை வாய்ப்பு, மற்றொன்றுக்கு இத்தனை வாய்ப்பு. இரண்டில் ஏதேனும் ஒன்று நிகழும் வாய்ப்பு இவ்விரண்டின் கூட்டுத்தொகை என்று கரும்பலகையில் எழுதுகிறோம். இரண்டும் ஒருங்கே நிகழாதிருந்தால்தான் இது பொருந்தும் என்ற நிபந்தனையையும் சொல்லத்தான் செய்கிறோம். மாணவன் நிபந்தனையை மறந்துவிடுகிறான், கூட்டலை மறப்பதில்லை. அவன் வளர்ந்து பெரியவனான பிறகும் அந்தக் கூட்டல் அவனோடு ஒட்டுக்கடைவரை வருகிறது.

நிபந்தனை இல்லாத இடத்தில் கூட்டினால் என்ன ஆகும்? விடை தவறாகலாம், ஆனால் அந்தத் தவறு எப்போதும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். கூட்டுத்தொகை உண்மையான வாய்ப்புக்குச் சமமாக இருக்கும், அல்லது அதைவிட மிகுதியாக இருக்கும். குறைவாக இருக்கவே முடியாது. காரணம் எளிது. இரண்டு நிகழ்ச்சிகளும் சேர்ந்து நிகழும் பகுதியை நாம் இருமுறை எண்ணிவிடுகிறோம். மிகையாக எண்ணுவது உண்டு; எண்ணாமல் விடுவது இல்லை. ஆதலின் கூட்டுத்தொகையை உண்மைக்கு ஒரு மேல்வரம்பு எனலாம். 1854-ஆம் ஆண்டில் சிந்தனை விதிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட ஜார்ஜ் பூல் என்பாரின் பெயரால் இதனைப் பூலின் சமனின்மை என்று வழங்குவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர் அவர்; அயர்லாந்தில் பேராசிரியராவதற்கு முன் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சிறு பள்ளிக்கூடம் நடத்தியவர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் இதனைக் குறிப்பிடுகிறேன்.

மேல்வரம்பு என்பது சரி. அது உண்மைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதே கேள்வி. இதற்கு ஜெலாப்பாங்கிலும் ஈப்போவிலும் அனைவரும் அறிந்த நான்கு நம்பர் குலுக்கலையே எடுத்துக்கொள்வோம். வாங்கச் சொல்வதற்காக அன்று. கணக்குக்கு அதைவிடத் தெளிவான பொருள் கிடைக்கவில்லை. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஓர் எண்ணுக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு 10,000-இல் 1. மற்றப் பரிசுகளை விட்டுவிடுவோம். இப்பொழுது பத்துச் சீட்டுகளை மூன்று விதமாக வாங்கிப் பார்ப்போம். மூன்றிலும் கூட்டுத்தொகை ஒன்றே: 10,000-இல் 10.

முதலாவது, ஒருவர் ஒரே குலுக்கலுக்குப் பத்து வெவ்வேறு எண்களை வாங்குகிறார். முதல் பரிசு ஓர் எண்ணுக்குத்தான் விழும். இரண்டு எண்கள் சேர்ந்து வெல்ல வழியில்லை. இருமுறை எண்ணப்படும் பகுதி ஏதும் இல்லாமையால் கூட்டுத்தொகையே சரியான விடை.

இரண்டாவது, மற்றொருவர் ஒரே எண்ணைப் பத்துக் குலுக்கல்களில் வாங்குகிறார். அதே எண் இரண்டு குலுக்கல்களில் விழுவதும் கூடும் அல்லவா? பத்துக் குலுக்கல்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 45 இணைகள். ஒவ்வோர் இணையிலும் இரண்டு முறையும் வெல்லும் வாய்ப்பு பத்துக் கோடியில் 1. ஆகவே மிகையாக எண்ணியது பத்துக் கோடியில் 45 அளவே. இதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் சுவையானது. சாலையில் ஒரு கார் விபத்துக்குள்ளாகிறது. அந்தக் காரின் எண்ணைப் பார்த்தவர் வந்து சொல்ல, பத்து வீட்டாரும் அதே எண்ணை அதே குலுக்கலுக்கு எழுதுகிறார்கள். இந்தப் பத்து வீட்டில் ஒரு வீட்டுக்காவது பரிசு விழும் வாய்ப்பு என்ன? கூட்டினால் 10,000-இல் 10. உண்மையோ 10,000-இல் 1 தான். விழுந்தால் பத்து வீட்டுக்கும் விழும். விழாவிட்டால் ஒரு வீட்டுக்கும் இல்லை. மேல்வரம்பு இங்கே உண்மையைப்போல் பத்து மடங்கு. பத்து நிகழ்ச்சிகளைக் கூட்டும்போது இதற்கு மேல் விலகல் ஏற்பட முடியாது.

ஆகவே விலகல் எவ்வளவு என்பதை முடிவு செய்வது நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை மட்டும் அன்று. அவை ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு படிந்து கிடக்கின்றன என்பதே.

இரண்டாமவரைச் சற்றுத் தொடர்வோம். வாரத்திற்கு மூன்று குலுக்கல் என்றால் ஆண்டுக்கு 156. கூட்டுத்தொகை 1.56 விழுக்காடு, உண்மை 1.548 விழுக்காடு. வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். ஆனால், "விடாமல் வாங்கினால் ஒருநாள் விழுந்தே தீரும்" என்று அவர் சொல்லும்போது கூட்டலை எல்லைக்கு அப்பால் இழுக்கிறார். பத்தாயிரம் குலுக்கலுக்குக் கூட்டினால் முழு நூறு விழுக்காடு வந்துவிடுகிறது. அதற்கு 64 ஆண்டுகள் ஆகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அத்தனை ஆண்டுகள் வாங்கினாலும் உண்மையான வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடுதான். அதாவது இப்படி வாழ்நாள் முழுதும் வாங்கும் நூறு பேரில் 37 பேர் முதல் பரிசை ஒருமுறையும் காணாமலே போவார்கள். தொகை சிறிதாக இருந்தவரை உண்மையோடு ஒட்டி நடந்த கூட்டல், தொகை ஒன்றை நெருங்க நெருங்க விலகிவிடுகிறது.

இதை வகுப்பில் காட்டத் தாயக்கட்டை போதும். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு பக்கங்கள், மொத்தம் 16 விதமாக விழலாம். ஒன்றில் 1-உம் மற்றதில் வெறும் பக்கமும் விழுந்தால் தாயம். அதற்கு இரண்டு வழிகள். வாய்ப்பு 8-இல் 1. எட்டுமுறை உருட்டினால் தாயம் உறுதி என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒன்பதாம் முறைக்கு 8-இல் 9 என்று வரும்போதுதான் விழிப்பார்கள். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து கணக்கிடச் சொல்ல வேண்டும். ஒருமுறை விழாதிருக்கும் வாய்ப்பு 8-இல் 7. அதனை எட்டுமுறை தன்னால் பெருக்கினால் 34.4 விழுக்காடு. ஆகவே எட்டு உருட்டலில் ஒருமுறையாவது தாயம் விழும் வாய்ப்பு 65.6 விழுக்காடு. நான்கு உருட்டலில் பாதி என்று கூட்டல் சொல்கிறது, உண்மையில் 41.4 விழுக்காடுதான். பாதியைத் தாண்ட ஆறு உருட்டல் வேண்டும். கட்டையின் நான்கு பக்கமும் சமமாக இருப்பதாகக் கொண்ட கணக்கு இது. கையால் இழைத்த கட்டைகளில் அப்படி இருப்பது அரிது.

அப்படியானால் பெருக்கலையே எங்கும் செய்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. ஓர் உருட்டல் மற்றோர் உருட்டலைப் பாதிக்காது என்பதால்தான் பெருக்கினோம். வாழ்க்கையில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வருவன. அங்கேதான் கூட்டலுக்கு வேலை இருக்கிறது. படிவு எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் அது பொய் சொல்வதில்லை.

பள்ளி விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். மழையால் நாள் கெடும் வாய்ப்பு 100-இல் 5, பேருந்து வராமற்போகும் வாய்ப்பு 100-இல் 2, ஒலிபெருக்கி பழுதாகும் வாய்ப்பு 100-இல் 1 என்று மதிப்பிட்டதாகக் கொள்வோம். மழை பெய்தால் பேருந்தும் தாமதமாகும், ஒலிபெருக்கியும் நனையும். எவ்வளவு தொடர்பு என்பது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மூன்றையும் கூட்டினால் 100-இல் 8. இடையூறு இதைத் தாண்டாது. மழை ஒன்றே 5 ஆகையால் அதற்குக் கீழே போகவும் போகாது. மூன்றும் தொடர்பற்றவையாக இருந்தால் 7.8, மற்ற இரண்டும் மழையோடு மட்டுமே வருவன என்றால் 5. உண்மை 5-க்கும் 8-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 8 என்பதே நமக்குத் தாங்கக்கூடிய அளவு என்றால் கணக்கை அத்தோடு நிறுத்திவிடலாம். தாங்காது என்றால்தான் மழையும் பேருந்தும் எத்தனை முறை சேர்ந்து கெடுத்தன என்று பழைய பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.