ஆறின் விதி: குழந்தைக்கு அட்ரினலின் கலக்கும் கணக்கு

ஆறின் விதி என்பது, குழந்தைகளுக்கு இரத்தக்குழாய் வழியாக இடைவிடாமல் ஏற்றப்படும் வீரியமான மருந்துகளைக் கலப்பதற்கான ஒரு கணக்கு. குழந்தையின் எடை எத்தனை கிலோ என்று பார்த்து, அதை 6 ஆல் பெருக்க வேண்டும். வரும் எண் எதுவோ, அத்தனை மில்லிகிராம் மருந்தை எடுத்து மொத்தம் 100 மில்லி கரைசலாக ஆக்க வேண்டும். அந்தக் கரைசல் மணிக்கு 1 மில்லி வீதம் உடலுக்குள் சென்றால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் மருந்து கிடைக்கும்.

கடுமையான தொற்றால் இரத்த ஓட்டம் குலைந்து போன குழந்தைக்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது. போதிய சலைன் ஏற்றிய பிறகும் கை கால் சில்லிட்டு, நாடி மெலிந்தே இருந்தால், இதயத்தின் துடிப்பு வலுவைக் கூட்ட அட்ரினலின் கொடுக்கப்படுகிறது. இம்மருந்தின் வேகம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஒரு ஊசி போட்டு நிறுத்தினால் பலன் நிலைக்காது. அதனால்தான் அதை நீர்க்கக் கரைத்து, சிரிஞ்ச் பம்ப் என்னும் கருவியில் பொருத்தி, மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் செலுத்துகிறார்கள்.

சிக்கல் அளவுகளில் இருக்கிறது. மருத்துவர் மருந்தை ‘கிலோவுக்கு, நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம்’ என்று எழுதுகிறார். பம்புக்குத் தெரிந்ததோ ‘மணிக்கு இத்தனை மில்லி’ மட்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற எடையால் பெருக்க வேண்டும், நிமிடத்தை மணியாக்க 60 ஆல் பெருக்க வேண்டும், மைக்ரோகிராமை மில்லிகிராமாக்க 1000 ஆல் வகுக்க வேண்டும். இத்துடன் 100 மில்லி என்ற அளவையும் சேர்த்தால் 60 × 100 ÷ 1000 = 6. விதியில் உள்ள ஆறு இப்படித்தான் பிறக்கிறது. மாற்றல் கணக்கு முழுவதும் கலக்கும்போதே முடிந்துவிடுவதால், பிறகு பம்பில் தெரியும் எண்ணே மருந்தின் அளவையும் சொல்லிவிடும்.

டோபமின், டோபுடமின் போன்ற மருந்துகளுக்கு 6 அப்படியே பொருந்தும். அட்ரினலின் மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும் மருந்து என்பதால் அதற்கு 0.6 என்ற எண்ணைக் கொள்ள வேண்டும். அப்போது மணிக்கு 1 மில்லி என்பது கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் ஆகும். சிரிஞ்ச் பம்பில் பொருத்துவது பெரும்பாலும் 50 மில்லி சிரிஞ்ச். கரைசலின் அளவு பாதியாவதால் மருந்தையும் பாதியாக்க வேண்டும்: டோபமினுக்கு 3, அட்ரினலினுக்கு 0.3.

8 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். 0.3 × 8 = 2.4, ஆக, 2.4 மில்லிகிராம் அட்ரினலின் வேண்டும். ஒரு ஆம்பூலில் 1 மில்லியும் அதில் 1 மில்லிகிராம் மருந்தும் இருக்கும். மூன்று ஆம்பூல்களை உடைத்து, சிறிய சிரிஞ்சில் துல்லியமாக 2.4 மில்லி எடுத்து, மீதியை அப்புறப்படுத்த வேண்டும். 50 மில்லி சிரிஞ்சில் 47.6 மில்லி சலைன் அல்லது 5 சதவீத குளுக்கோஸ் எடுத்து, அதனுடன் மருந்தைச் சேர்த்து, சிரிஞ்சைக் கவிழ்த்துக் கவிழ்த்து நன்றாகக் கலக்க வேண்டும். குழந்தையின் பெயர், எடை, மருந்தின் பெயர், அதன் அளவு, மொத்தக் கரைசல், கலந்த நேரம் ஆகியவற்றை எழுதி உடனே ஒட்ட வேண்டும்.

கணக்கு சரிதானா என்பதைப் பின்னோக்கிச் சென்று பார்த்துவிடலாம். 50 மில்லியில் 2.4 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லியில் 48 மைக்ரோகிராம். மணிக்கு 1 மில்லி ஓடினால் நிமிடத்துக்கு 0.8 மைக்ரோகிராம். அதை 8 கிலோவால் வகுத்தால் 0.1. இந்தச் சரிபார்ப்பை, கலந்தவர் அல்லாத இன்னொரு செவிலியரோ மருத்துவரோ முதல் விடையைப் பார்க்காமல் தனியாகச் செய்தால்தான் பிழை பிடிபடும்.

பிழைகள் சில இடங்களில் திரும்பத் திரும்ப நேர்கின்றன. தசமப் புள்ளி நழுவி 0.3 என்பது 3 ஆனால் மருந்து பத்து மடங்காகிவிடும். ஆனால் அப்போது 24 ஆம்பூல்களை உடைக்க வேண்டிவரும். மேசையில் குவியும் ஆம்பூல்களே எச்சரித்துவிடும். 100 மில்லிக்கான 0.6 ஐ 50 மில்லி சிரிஞ்சுக்குப் பயன்படுத்துவது அப்படிக் கண்ணில் படாது. மூன்று ஆம்பூலுக்குப் பதில் ஐந்து உடையும், அவ்வளவுதான். குழந்தைக்கோ இரண்டு மடங்கு மருந்து போகும். எடை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தாலும் பம்பில் அதற்கு எந்த அடையாளமும் இருக்காது.

கலந்து முடித்த பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. மணிக்கு 1 மில்லி என்பது மிக மெதுவான ஓட்டம். குழாயின் உள்ளே 1 மில்லி சலைன் நின்றுகொண்டிருந்தால், மருந்து குழந்தையைச் சென்றடைய ஒரு மணி நேரம் ஆகிவிடும். எனவே குழாயின் முனை வரை மருந்துக் கரைசலை நிரப்பிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். மருந்து ஓடத் தொடங்கிய பின் அந்தக் குழாயில் வேறு ஊசி போடுவதோ சலைன் செலுத்துவதோ கூடாது. உள்ளே நிற்கும் அட்ரினலின் முழுவதும் ஒரே தள்ளலில் இதயத்துக்குப் போய், நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் திடீரென எகிறும். சோடியம் பைகார்பனேட்டுடன் சேர்ந்தால் மருந்து செயலிழக்கும். ஊசி குத்திய இடம் வெளுத்து வீங்கினால் மருந்து இரத்தக்குழாயை விட்டு வெளியே கசிகிறது என்று பொருள்; அங்கே தோல் கருகிவிடக்கூடும். முடிந்தவரை விரைவில் இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைக்கு மாற்றுவது இதனால்தான்.

ஆறின் விதியின் பெரிய குறை, ஒவ்வொரு குழந்தைக்கும் கரைசலின் அடர்த்தி வேறுபடுவதே. 4 கிலோ குழந்தையின் பம்பில் 16 கிலோ குழந்தையின் சிரிஞ்சைத் தவறி மாட்டினால், பம்பு அதே 1 மில்லியைத்தான் காட்டும்; மருந்தோ நான்கு மடங்கு போகும். மருந்தகத்தில் முன்கூட்டிக் கலந்து வைக்கவும் வழியில்லை. நெருக்கடி நேரத்தில், படுக்கையருகே, அவசரமாகத்தான் கலக்க வேண்டும். இக்காரணங்களால் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் மருந்துகளின் அடர்த்தியை ஒரே சீராக்க வலியுறுத்தி, 2008 இறுதிக்குள் இந்த விதியைக் கைவிடும்படி அவகாசம் கொடுத்தது.

அதற்கு மாற்றாக வந்தது நிலையான அடர்த்தி முறை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அடர்த்தி. மாறுவது பம்பின் வேகம் மட்டும். ஒரு மில்லியில் 20 மைக்ரோகிராம் உள்ள அட்ரினலின் கரைசலாக இருந்தால், அதே 8 கிலோ குழந்தைக்கு 0.1 அளவு கொடுக்க மணிக்கு 48 மைக்ரோகிராம், அதாவது 2.4 மில்லி ஓட வேண்டும். மருந்துப் பட்டியலைப் பதிந்து வைத்த பம்பு இந்தக் கணக்கைத் தானே போட்டு, அளவு வரம்பு மீறினால் ஒலியெழுப்பும். அத்தகைய பம்பும், கலந்து கொடுக்கும் மருந்தகமும் இல்லாத இடங்களில் ஆறின் விதியைக் கையாள்வோர், ஒரு வார்டில் எல்லோரும் ஒரே அளவு சிரிஞ்சைப் பயன்படுத்துவதும், எடைவாரியாக முன்பே கணக்கிட்ட அட்டவணையைச் சுவரில் மாட்டி வைப்பதும் பிழையைக் குறைக்கும்.