நாலு லட்சத்து எண்பதாயிரத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தில் சி.டி.சி. 4,80,000 ரூபாய் என்றிருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதச் சம்பளம் நாற்பதாயிரம் என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறோம். சி.டி.சி. என்பது நம் பொருட்டு கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் எது எப்போது கைக்கு வரும் என்பதைக் கடைசியில் இருக்கும் இணைப்புத் தாளில்தான் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. மாத பேசிக் 20,000, வீட்டு வாடகைப்படி 10,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 28,800. கிராஜுவிட்டிக்கு 11,544. இது நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருஷம் முடித்தால்தான் கிடைக்கும். இன்ஷூரன்ஸ் பிரீமியம் 6,000. வருஷக் கடைசியில், மதிப்பீட்டைப் பொறுத்து வரும் போனஸ் 30,000. இவையெல்லாம் போக மிஞ்சுவது மாதம் 3,638. அதற்கு ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று பெயர். ஆக, மாத மொத்தச் சம்பளம் 33,638. அதில் நம் பங்கு பி.எஃப். 2,400 பிடித்தால் 31,238. தொழில் வரியும் போனால் முப்பத்தோராயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். வாடகைக்கு வீடு பார்க்கும்போது இந்தத் தொகையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது புரொபேஷன், பெரும்பாலும் ஆறு மாதம். அது முடிந்ததும் தானாகவே வேலை உறுதியாகுமா, கடிதம் கொடுத்தால்தான் உறுதியாகுமா என்று பாருங்கள். கடிதம் வேண்டும் என்றிருந்து அது வராவிட்டால், ஏழாவது மாதத்திலும் நீங்கள் புரொபேஷனில்தான் இருக்கிறீர்கள்.

புரொபேஷனில் 30 நாளாக இருக்கும் நோட்டீஸ், உறுதியான பிறகு 90 நாளாகிவிடுவது உண்டு. புதுக் கம்பெனி ஒரு மாதத்தில் வரச் சொன்னால் மீதி இரண்டு மாதத்தை என்ன செய்வது? பணம் கட்டிவிட்டுக் கிளம்பலாமா என்பதைக் கடிதத்தில் தேடுங்கள். ‘நிர்வாகத்தின் விருப்பப்படி’ என்றிருந்தால், பணம் வைத்திருந்தாலும் அவர்கள் சம்மதம் வேண்டும். எந்தத் தொகையில் கணக்கு என்பதும் முக்கியம்: இரண்டு மாதத்துக்கு பேசிக்கில் என்றால் 40,000, மொத்தச் சம்பளத்தில் என்றால் 67,276. கம்பெனி நம்மை அனுப்பும்போதும் அதே 90 நாளா? பல கடிதங்களில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. என் கண் முதலில் போவது அந்த வரிக்குத்தான்.

சலுகைகளில் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ஒன்றைத்தான் துருவிக் கேட்பேன். கல்யாணமாகாத பிள்ளைக்கு அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுமா, அதற்குத் தனிப் பிரீமியம் உண்டா, சேர்ந்த நாளிலிருந்தே செல்லுமா? எச்.ஆர். போனில் ‘எல்லாம் உண்டு’ என்பார். மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.