24 டிகிரி ஏன் திரையில் மாறவில்லை?

ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் பிஎம்எஸ் வேலையில் இருந்தேன். மாடிக்கு 18 விஏவி பெட்டிகள். குளிர்காற்று எவ்வளவு வரணும்னு ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியா அளந்து விடுற, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பெட்டிகள்தான் அவை. இரண்டு மாடிக்கு ஒரு கேபிள், அதில் 36 பெட்டிகள். அப்படி மூன்று கேபிள்கள். ஒவ்வொன்றும் ஒரு ரவுட்டர் வழியாகக் கட்டடத்தின் பேக்நெட் ஐபி நெட்வொர்க்கில் சேரும்.

ஒப்படைத்த சில நாளில் ஒரு புகார். மீட்டிங் ரூம் புழுக்கமா இருக்குன்னு ஃபோன் வர, ஆபரேட்டர் 24 டிகிரியை 23 ஆக்கினார். திரையில் 24 அப்படியே நின்றது. 22 போட்டார், பிறகு 20. ஒன்றும் மாறவில்லை. அரை மணி நேரத்தில் அதே அறையிலிருந்து, "என்ன சார், ஐஸ் பெட்டி மாதிரி ஆயிடுச்சு" என்று மறுபடி ஃபோன்.

அவர் அனுப்பிய மூன்று கட்டளையும் உடனே போய்ச் சேர்ந்திருந்தன. புது மதிப்பு திரைக்குத் திரும்பி வரத்தான் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆனது.

எல்லாரும் முதலில் வயரிங்கைத்தான் சந்தேகப்பட்டார்கள். யூஎஸ்பி-485 அடாப்டரைக் கேபிளில் மாட்டி வயர்ஷார்க்கில் பார்த்தேன். வயரில் கோளாறு என்றால் சிஆர்சி பிழைகள் இருக்கும், டோக்கன் தொலைந்து தொலைந்து மீளும். இங்கே அப்படி எதுவுமில்லை. டோக்கன் ஒழுங்காகச் சுற்றியது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ரவுட்டர் ஒரே ஒரு `readProperty` மட்டும் கேட்டுவிட்டு டோக்கனைக் கொடுத்துவிட்டது.

இந்தக் கேபிளில் ஓடுவது எம்எஸ்/டிபி. டோக்கன் கையில் இருப்பவர்தான் கேள்வி கேட்கலாம். கேட்டு முடித்து அடுத்தவருக்குத் தரணும். டோக்கன் என்பது 8 பைட். 38,400 பாட் வேகத்தில் அது போக 2 மில்லிவிநாடிக்குக் கொஞ்சம் மேல். இடைவெளியும் சேர்த்து 3 என்று வைங்க. 36 பெட்டி, ஒரு ரவுட்டர்: ஒரு சுற்றுக்கு சுமார் 110 மில்லிவிநாடி. நடுவில் ஒரு கேள்வியும் பதிலும் 30. ஆக, ஒரு மதிப்பைப் படிக்க 140 மில்லிவிநாடி.

எத்தனை மதிப்பைப் படிக்கணும்? தப்பு என்னுடையது என்று இங்கேதான் தெரிந்தது. பாயின்ட் ஷெட்யூல் என்பது கட்டடத்தில் எதை அளக்கிறோம், எதை இயக்குகிறோம் என்று வரிவரியாக எழுதும் எக்செல் தாள். அதில் பெட்டிக்கு நான்குதான் எழுதியிருந்தேன்: அறை வெப்பநிலை, காற்றோட்டம், டேம்பர், சுவரில் உள்ள செட்பாயின்ட் குமிழ். எல்லாம் வயர் போகிற பாயின்ட்கள். ஆனால் கிராஃபிக்ஸ் போட்டவர்கள் குறைந்தபட்சக் காற்று, அதிகபட்சக் காற்று, ஓடும் மோட் என்று கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் ஆறு மென்பொருள் மதிப்புகளையும் திரையில் வைத்திருந்தார்கள். வயர் இல்லாததால் அவற்றை நான் எண்ணவே இல்லை. நெட்வொர்க்குக்கு இரண்டும் ஒரே சுமைதான். 36 பெட்டிக்குப் பத்துப் பத்தாக 360 மதிப்பு. 140 மில்லிவிநாடியால் பெருக்கினால் 50 விநாடி.

ஒரே கேள்வியில் பத்து மதிப்பையும் வாங்க `readPropertyMultiple` என்று ஒன்று இருக்கிறது. வாங்கியிருந்த கன்ட்ரோலரில் அது இல்லை. (ஆர்டர் போடுவதற்கு முன் அதன் பிக்ஸ் தாளில் பார்த்திருக்கணும்.) கேபிளை இரண்டாகப் பிரிக்கலாமா என்றால் சீலிங் மூடியாச்சு, உள்ளே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

அதனால் ரவுட்டரில் ஒரு எண்ணை மாற்றினோம்:

```
Max_Info_Frames: 1 -> 10
```

டோக்கன் வரும்போது ரவுட்டர் இனி பத்துக் கேள்விவரை கேட்கலாம். சுற்று 110 + 300, அதாவது 410 மில்லிவிநாடி; ஆனால் அதற்குள் பத்து மதிப்பு வந்துவிடும். 360-க்கு 36 சுற்று, 15 விநாடி. இதையே 50 ஆக்கிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். ஆக்கினால் ரவுட்டர் மட்டும் ஒன்றரை விநாடி டோக்கனைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு பெட்டி தானாக அனுப்ப வேண்டிய அலாரம் அதுவரை காத்து நிற்கும்.

அடுத்து, ஷெட்யூலில் "எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து வரிவரியாக நிரப்பினேன். ஆரம்பத்திலேயே இருந்திருக்க வேண்டியது. குறைந்தபட்சக் காற்று மாதக்கணக்கில் மாறாது. அதை நொடிக்கு நொடி கேட்பானேன்? பத்தில் ஐந்து மதிப்பைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று தள்ளினோம். மீதி 180 மதிப்பு ஏழு, எட்டு விநாடியில் ஒரு சுற்று வந்துவிடுகிறது.

ஆபரேட்டர் இப்போது 23 போட்டுவிட்டு எட்டு எண்ணுகிறார்.