இனிப்பு நீர் நோய்க்கு நூறு புள்ளிக் கணக்கு: 60-ஐத் தொட்டால் என்ன பொருள்?

பள்ளியில் 60 புள்ளி வாங்கினால் மகிழ்ச்சியடைவோம். இந்தக் கணக்கில் அது தலைகீழ். புள்ளி கூடக் கூட எச்சரிக்கையும் கூடும். 60 என்ற கோட்டைத் தொட்டுவிட்டால், ‘உங்களுக்குத் தெரியாமலேயே இனிப்பு நீர் நோய் இருக்கக்கூடும், இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்’ என்று பொருள். நோய் இருக்கிறது என்று பொருள் அல்ல. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்தக் கணக்கு சென்னையில் பிறந்தது. அங்குள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையில் டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் சென்னை நகர மக்களிடம் நடத்திய பெரிய ஆய்வொன்றிலிருந்து இதை உருவாக்கி, 2005-இல் வெளியிட்டார்கள். இதன் பெயர் இந்திய நீரிழிவு அபாயப் புள்ளி. மேல்நாட்டுக் கணக்குகள் பல இருந்தாலும், உடல் பருமன் அதிகம் இல்லாமலேயே வயிறு மட்டும் பெருத்து இந்நோய்க்கு ஆளாகும் நம் மக்களைப் பார்த்தே எழுதப்பட்டது என்பதால் இதை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்விகள் நான்குதான். ஊசி வேண்டாம், தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று போதும்.

முதலாவது வயது. 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50 வயதும் அதற்கு மேலும் என்றால் 30.

இரண்டாவது இடுப்புச் சுற்றளவு. பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே 0, 80 முதல் 89 வரை 10, 90-உம் அதற்கு மேலும் 20. ஆண்களுக்கு 90-க்குக் கீழே 0, 90 முதல் 99 வரை 10, 100-உம் அதற்கு மேலும் 20.

மூன்றாவது உடலுழைப்பு. தவறாத உடற்பயிற்சியும் கடினமான உடல் வேலையும் இரண்டும் உண்டு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் உண்டு என்றால் 20. பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்த வேலை என்றால் 30.

நான்காவது பெற்றோர். இருவருக்கும் இந்நோய் இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

நான்கையும் கூட்டினால் அதிகபட்சம் 100. 30-க்குக் கீழே குறைந்த அபாயம், 30 முதல் 50 வரை நடுத்தரம், 60-உம் அதற்கு மேலும் அதிக அபாயம். எல்லாப் புள்ளிகளும் பத்துப் பத்தாகவே ஏறுவதால் 50-க்கும் 60-க்கும் நடுவில் எதுவும் வராது.

வயதுக்கு 30, பெற்றோருக்கு 20 என்று யார் முடிவு செய்தது? யாரும் மனம் போன போக்கில் போடவில்லை. ஆய்வில் கலந்துகொண்டவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து, எந்தக் குறி உள்ளவர்களிடம் நோய் எவ்வளவு அதிகமாகக் காணப்பட்டது என்று கணக்கிட்டார்கள். அதிகமாகக் காணப்பட்ட குறிக்கு அதிகப் புள்ளி. பிறகு காகிதத்தில் எளிதாகக் கூட்டுவதற்காகப் பத்தின் மடங்காக மாற்றினார்கள். கடைக்காரர் நான்கு சாமான்களைத் தனித்தனியாக நிறுத்து, பிறகு மொத்த விலை சொல்வதைப் போல.

இனி ஒரு கணவன் மனைவியை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட உதாரணம்தான் இது. மனைவிக்கு 67 வயது. இளமையில் செமினி பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது காஜாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறார். வயதுக்கு 30. இடுப்பு 86 சென்டிமீட்டர், அதற்கு 10. உடலுழைப்புக்கு என்ன போடுவது? “இருபது வருஷம் பால்மரம் வெட்டினேனே, அதைவிடக் கடினமான வேலை ஏது?” என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இக்கணக்கு இன்றைய உழைப்பைத்தான் கேட்கிறது. நடைப்பயிற்சி உண்டு, கடின வேலை இப்போது இல்லை, ஆகவே 20. தந்தைக்கு இனிப்பு நீர் இருந்தது, அதற்கு 10. மொத்தம் 70. கோட்டைத் தாண்டிவிட்டார்.

கணவருக்கு 69 வயது. இடுப்பு 88 சென்டிமீட்டர், ஆணுக்கு அது 0. அவரும் மனைவியோடு நடக்கிறார், 20. பெற்றோருக்கு நோய் இருந்ததாகத் தெரியவில்லை, 0. வயதுக்கு 30. மொத்தம் 50. கோட்டுக்குக் கீழே.

இருவருக்கும் வயதாலேயே 30 வந்துவிட்டதைக் கவனியுங்கள். 50 வயதைக் கடந்த எவரும் பாதித் தூரத்தைக் கடந்த பிறகுதான் கணக்கைத் தொடங்குகிறார். ஓய்வு பெற்றவர்களில் கடின வேலை செய்பவர்கள் குறைவு. ஆகவே நன்றாக நடப்பவருக்கும் 20 சேர்ந்து 50 ஆகிவிடும். இன்னும் பத்தே புள்ளிதான் மீதம். அந்தப் பத்து இடுப்பிலிருந்து வரும், அல்லது பெற்றோரிடமிருந்து வரும். முதியோருக்கு இந்த இரண்டு பதில்களே முடிவைத் தீர்மானிக்கின்றன. தவறுகள் நடப்பதும் இந்த இரண்டில்தான்.

இடுப்பு அளவு என்றால் காற்சட்டையின் அளவு அல்ல. பலர் காற்சட்டையை வயிற்றுக்குக் கீழே அணிவதால் அந்த எண் குறைவாக இருக்கும். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடாவைத் தரைக்குச் சமமாகச் சுற்றுங்கள். சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட நிலையில் படியுங்கள், வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம். சேலை மடிப்புக்கு மேலே வைத்து அளந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாராளமாகக் கூடிவிடும். ஒரு பெண்ணுக்கு 79 வந்தால் 0, 80 வந்தால் 10. ஒரே ஒரு சென்டிமீட்டர் அவரைக் கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடலாம். ஆகவே இரண்டு முறை அளப்பது நல்லது.

பெற்றோர் பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. ‘இல்லை’ என்பதும் ‘தெரியாது’ என்பதும் வேறு வேறு. தோட்டப்புறத்தில் வாழ்ந்து மறைந்த நம் பெற்றோரில் பலருக்கு இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கும் வாய்ப்பே கிடைத்ததில்லை. பரிசோதிக்காத நோய்க்குப் புள்ளி 0 என்று போட்டால் மொத்தம் பொய்யாகக் குறையும். பழைய நினைவுகளைக் கிளறிப் பாருங்கள். ஆறாத புண்ணால் விரலையோ காலையோ எடுத்தார்களா? சிறுநீரில் எறும்பு மொய்த்ததாகப் பேச்சு உண்டா? அப்படி ஏதாவது இருந்தால் 10 சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். நம் உதாரணத்தில் கணவருக்கு இந்தப் பத்து சேர்ந்தால் அவரும் 60-ஐத் தொட்டுவிடுவார்.

சரி, கோட்டைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் இருக்கும்? சென்னை ஆய்வில், 60-உம் அதற்கு மேலும் வாங்கிய நூறு பேரில் சுமார் 17 பேருக்கே நோய் இருந்தது. மற்ற 83 பேருக்கு இல்லை. இதைக் கேட்டதும் ‘அப்படியானால் இது எதற்கு?’ என்று தோன்றும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தங்களுக்குத் தெரியாமலேயே நோய் இருந்த நூறு பேரில் சுமார் 72 பேரை இந்தக் கோடு பிடித்துக் காட்டியது. மீதி 28 பேர் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள்.

கோட்டை 50-க்கு இறக்கினால் அந்த 28 பேரில் இன்னும் சிலரைப் பிடிக்கலாம். ஆனால் தேவையில்லாமல் இரத்தம் கொடுப்பவர்கள் பெருகுவார்கள். 70-க்கு ஏற்றினால் வீண் பரிசோதனை குறையும், தப்பிப்போகும் நோயாளிகள் கூடுவார்கள். இரண்டு பக்கமும் இழப்பு ஓரளவு சமமாக இருக்கும் இடம் என்றுதான் 60-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். மேலும், 17 என்ற எண் சென்னைக்கு உரியது. நோய் அதிகமாக உள்ள இடத்தில் அதே கோட்டைத் தாண்டியவர்களில் உண்மையான நோயாளிகள் அதிகமாக இருப்பார்கள். 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கும் இனிப்பு நீர் நோய் இருந்தது.

இந்தக் காரணத்தால், 50 வயதைக் கடந்த ஒருவர் 50 புள்ளியைப் பார்த்துவிட்டு ‘நான் தேறிவிட்டேன்’ என்று சும்மா இருப்பது சரியல்ல. நம் உதாரணக் கணவர் மனைவியோடு சேர்ந்தே கிளினிக்குக்குப் போய்விட்டு வரலாம். இரவில் பலமுறை சிறுநீர் கழிப்பது, தாகம், காரணமின்றி எடை குறைவது, புண் ஆறாமலிருப்பது போன்ற அறிகுறிகள் இருந்தால் புள்ளி எதுவாக இருந்தாலும் தள்ளிப்போடக்கூடாது. ஏற்கெனவே இந்நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு உரியதல்ல.

வேறொரு சந்தேகமும் வரும். அந்த அம்மா இடுப்பை 79-க்குக் குறைத்தால் 70 என்பது 60 ஆகும். அப்போதும் கோட்டிலேயேதான் நிற்பார், ஏனென்றால் வயதும் தந்தையும் மாறப்போவதில்லை. அதனால் பயனில்லை என்று எண்ண வேண்டாம். யாரை முதலில் பரிசோதிப்பது என்று சொல்லத்தான் இந்தப் புள்ளி. உடல் எவ்வளவு நலமடைந்தது என்பதை இரத்தம்தான் சொல்லும்.

அந்த இரத்தப் பரிசோதனைக்கு முதல் நாள் இரவு உணவுக்குப் பிறகு எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம், காலைத் தேநீர் கூடாது. வேறு நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள், காலை மருந்தை என்ன செய்வது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விரலில் குத்திப் பார்ப்பது முதற்கட்டம் மட்டுமே, நோயை உறுதி செய்யக் கை நரம்பிலிருந்து எடுத்த இரத்தம் வேண்டும். அதில் லிட்டருக்கு 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் வந்தால் இனிப்பு நீர் நோயின் அளவு. 6.1 முதல் 6.9 வரை வந்தால் நோய்க்கு முந்திய நிலை, மருத்துவர் மேலும் பரிசோதிப்பார். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு 7.0-க்கு மேல் வந்தாலும், வேறொரு நாளில் இன்னொரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே மருத்துவர் நோயென்று உறுதி செய்வார். கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் நான்கு பதில்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதினால் 60 எங்கிருந்து வந்தது என்பது மருத்துவருக்குத் தெரியாது.